சுழியத்துக்குக் கீழே போகாது என்று சொன்னவன்

நான் பேங்கில் வேலை செய்வதாகத்தான் அம்மா எங்கள் பாயான் பாரு அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பேங்க் இல்லை, ஒரு தரகு நிறுவனத்தின் கிளை அலுவலகம் என்று இரண்டு மூன்று முறை விளக்கிப் பார்த்தேன். "பேங்கெல்லாம் இருக்கிற பீச் ஸ்ட்ரீட்டுலதானே இருக்கு? கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டுத்தானே போறே? அப்ப பேங்குதான்" என்று முடித்துவிட்டார். அவர் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் லைனில் நிற்பவர். அப்பாவுக்குக் காவலாளி வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிப் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் வரும். மின்சாரக் கட்டணம், பள்ளி நோட்டீஸ், கோர்ட் சம்மன் எதுவானாலும் நான் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

எங்கள் கிளையில் நடந்தது ஒப்பந்த வியாபாரம். இன்ன மாதத்தில் இன்ன பொருளை இன்ன விலைக்கு வாங்குகிறேன் என்று இன்றே ஒப்புக்கொள்வது. பெரும்பாலும் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில். அமெரிக்கச் சந்தையின் கச்சா எண்ணெய், தங்கம் கொஞ்சம். வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்த எண்ணெய் வேண்டாம். மாதம் முடிவதற்குள் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, விலை வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முழு விலையையும் கட்டத் தேவையில்லை. ஒரு முன்பணம் போதும். விலை இறங்க இறங்க அந்த முன்பணத்திலிருந்து கழிந்துகொண்டே வரும். ஓர் அளவுக்குக் கீழே போனால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு இன்னும் பணம் போடச் சொல்வோம். அதில் பாதிக்குக் கீழே போனால் கேட்கக்கூட வேண்டியதில்லை, அவருடைய ஒப்பந்தத்தை நாமே விற்றுவிடலாம். இதற்கு எங்கள் அலுவலகத்தில் 'கட்' என்று பெயர். கட் பண்ணுவது என் வேலைகளில் ஒன்று.

இன்னொரு வேலை, வரும் அறிவிப்புகளைப் பிரித்து அனுப்புவது. சந்தையிலிருந்து நாள்தோறும் பத்துப் பதினைந்து சுற்றறிக்கைகள் மின்னஞ்சலில் வரும். வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் நாலு வரியில் சுருக்கி வாட்ஸ்அப்பில் போட வேண்டும். கணினிக்காரர்கள் பார்க்க வேண்டியதை 'சிஸ்டம்' என்ற பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். ஆலோசனை சொல்வது மட்டும் என் வேலையில்லை. அதற்கு லைசன்ஸ் வேண்டும். அந்தப் பரீட்சையை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் கிளையில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். லோரிக்கார அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் வீடு. ஐம்பதைத் தாண்டிய வயது, ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. தோட்டத்தில் வெட்டிய செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் இரண்டு லோரிகள் சொந்தமாக வைத்திருந்தார். பல வருடங்களாகச் செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றிரண்டு வாங்கி விற்பார். பெரிய ஆட்டம் ஆடுகிறவர் இல்லை. ஆலை வாசலில் எத்தனை லோரி வரிசை நிற்கிறது, பட்டர்வொர்த் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று டிரைவர்களிடம் விசாரித்து வைத்துக்கொண்டு அதை வைத்துத்தான் வாங்குவார். வருடக் கடைசியில் பார்த்தால் சின்ன லாபம் நிற்கும். எங்கள் கிளையில் அப்படி நின்றவர்கள் குறைவு.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அலுவலகத்தை மூடிவிட்டு எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். நான் அறையில் கட்டில்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தடுப்புகளுக்கு நடுவே கார்கள் ஓடாத ரோட்டைப் பார்த்து அப்பா, "பெட்ரோல் இவ்வளவு மலிவா இருக்கு, போறதுக்குத்தான் இடமில்ல" என்பார். உலகம் முழுக்க அதே கதைதான். கார் ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை, எண்ணெய் மட்டும் கிணற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது. விலை விழுந்துகொண்டே போனது.

ஏப்ரல் நடுவில், இருபது டாலருக்கு விழுந்திருந்தபோது லோரிக்கார அண்ணன் அமெரிக்கக் கச்சா எண்ணெய் வாங்கினார். மே மாத ஒப்பந்தம், சின்ன அளவு, ஒன்றுக்கு ஐந்நூறு பீப்பாய், இரண்டு. மொத்தம் ஆயிரம் பீப்பாய். பழைய லோரி ஒன்றை மாற்றுவதற்காக வைத்திருந்த பணத்தைப் போட்டார். மினரல் வாட்டரைவிட எண்ணெய் மலிவாகிவிட்டது, இதற்குமேல் எங்கே இறங்கும் என்றார். அது அவருடைய கணக்கு. நான் எதுவும் சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன்.

அந்தச் சின்ன ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் உண்டு. பெரிய ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை கையில் வைத்திருப்பவர் நிஜமாகவே எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் நடுவில் குஷிங் என்று ஓர் ஊர், கடல் கிடையாது, குழாய்களும் தொட்டிகளும்தான். அங்கே ஒரு தொட்டியோ குழாயில் இடமோ வைத்துக்கொண்டு ஆயிரம் பீப்பாயை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் நிறுவனம் பெரிய ஒப்பந்தம் வைத்திருந்தவர்களை நாலைந்து நாளுக்கு முன்பே விற்கவைத்துவிடும். சின்ன ஒப்பந்தத்தில் எண்ணெய் கைக்கு வராது. பெரியதற்கு ஒரு நாள் முன்பே அது முடிந்துவிடும், அன்று பெரியதற்குச் சந்தை என்ன முடிவு விலை வைக்கிறதோ அதே விலையில் பணமாகக் கழித்துவிடுவார்கள். எண்ணெய் வராது என்பதால் கடைசி நாள்வரை வைத்திருக்க விட்டோம். ஆபத்தில்லாதது என்று நினைத்தோம்.

வாங்கிய இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ அண்ணன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஊர்ல தொட்டி எல்லாம் நெறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே. நெறைஞ்சா எண்ணெய என்ன செய்வான்?"

இன்னும் முழுதாக நிறையவில்லை, ஆனால் காலியாக இருக்கும் இடத்தையும் யாரோ ஏற்கெனவே வாடகைக்குப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அதான் கேக்குறேன். நம்ம ஆலையில வெறுங்குலை இருக்குல்ல, எண்ணெய் எடுத்தப்புறம் மிஞ்சுற சக்கை. அது முற்றம் நெறைஞ்சு போச்சுன்னா ஆலைக்காரன் எனக்குக் காசு குடுத்து அள்ளிட்டுப் போகச் சொல்லுவான். சக்கையும் அவன்து, காசும் அவன்து. அது மாதிரி எண்ணெய் கோசோங்குக்குக் கீழ போகுமா?"

சுழியத்தை எங்கள் ஊரில் கோசோங் என்றுதான் சொல்வோம். நான் சிரித்தேன். சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

"அது குப்பைண்ணே, இது சரக்கு. சரக்கோட விலை சைபருக்குக் கீழ போகாது. படிச்ச பாடத்துலயே இருக்கு."

"ஆமாவா?"

"ஆமாண்ணே. சும்மா குடுத்தா எவன் வேண்டாம்பான்?"

"சரிலா. நீ படிச்சவன்."

அவ்வளவுதான் பேச்சு. இதைப் பின்னால் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று தெரியாது. அவர் கேட்டது சரியான கேள்வி. சக்கையை அள்ளியவருக்கு அது தானாகத் தோன்றியது. நான் மூன்று வருடம் பொருளாதாரம் படித்தவன், விலைக்கோடு சுழியத்தில் தொடங்கி மேலே போகும் படத்தைப் பரீட்சையில் வரைந்து வரைந்து, அந்தக் கோட்டுக்குக் கீழேயும் தாள் இருக்கிறது என்பதை மறந்துபோனவன்.

திங்கட்கிழமை வந்தது. அமெரிக்காவின் பகல் நமக்கு இரவு. அதனால் இந்த வேலையில் நடப்பதெல்லாம் ஊர் தூங்கும் நேரத்தில்தான் நடக்கும். மே மாதச் சின்ன ஒப்பந்தத்துக்கு அதுதான் கடைசி நாள். எங்கள் நேரப்படி விடியற்காலை இரண்டரைக்கு முடியும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உட்கார்ந்தபோது விலை பதினொன்றுக்கு வந்திருந்தது. எங்கள் கிளையில் இந்த ஒப்பந்தம் வைத்திருந்த மற்ற இரண்டு பேரும் மாலையிலேயே விற்றுவிட்டார்கள். அண்ணனின் கணக்கில் பதின்மூவாயிரம் டாலர் மிச்சம் இருந்தது.

நான் ஒரு கணக்குத் தாள் வைத்திருந்தேன். நானே கணினியில் செய்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விலை மிக மோசமாக விழுந்தால் எவ்வளவு போகும் என்று காட்டும். 'மிக மோசம்' என்ற இடத்தில் எல்லாருக்கும் சுழியம் என்று போட்டிருந்தேன். அதன்படி அண்ணனுக்குப் பதினோராயிரம் போய் இரண்டாயிரம் மிஞ்சும். கடனாகாது. தாளில் அந்த வரி பச்சையாக நின்றது. மேலாளருக்கு அனுப்பினேன். அவர் சீனப் பெண்மணி, இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர். தாளைப் பார்த்துவிட்டு ஓகே என்று ஒரு வார்த்தை எழுதினார்.

நடு இரவு தாண்டியதும் விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. விற்க வேண்டியவர்கள் மட்டும்தான் சந்தையில் இருந்தார்கள். தொட்டி இல்லாதவன் எல்லாம் அன்றைக்கும் மறுநாளைக்கும் எப்படியாவது கைகழுவியாக வேண்டும். வாங்கிக்கொள்ளத் தொட்டி வைத்திருந்தவன் அவசரப்படவில்லை. அவன் ஏன் அவசரப்பட வேண்டும்? இதை இப்போது தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்குத் திரையில் எண் இறங்குவது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு மணிக்குச் சற்று முன் விலை மூன்று டாலர். அண்ணனின் கணக்கில் ஐயாயிரம். எங்கள் விதியின் கோடு அது. திரையில் அவர் வரி சிவந்தது. கட் பண்ண வேண்டும்.

இங்கே எங்கள் கிளையின் ஒரு வழக்கம். பழைய வாடிக்கையாளர் என்றால் சும்மா கட் பண்ணுவதில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். காலையில் பணம் போடுகிறேன் என்று அவர் சொன்னால் 'தொடர்பு கொள்ளப்பட்டது' என்று பெட்டியில் டிக் போட்டு அரை மணி நேரம் விடலாம். மேலாளர் கொண்டுவந்த வழக்கம். ஊர்க்காரர்களை வைத்துத் தொழில் நடத்துகிறவர் அவர். அந்த வழக்கத்தால் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள்.

அலுவலகத் தொலைபேசியில் பேசினால் பதிவாகும். வீட்டிலிருந்ததால் என் கைப்பேசியில் கூப்பிட்டேன். அவர் தூங்கவில்லை.

"அண்ணே, கட் வந்திருச்சு. விக்கவா?"

"இப்ப என்னா வெலை?"

"மூணு."

"வித்தா என்னா மிஞ்சும்? விக்காட்டி எவ்வளவு போகும்?"

"வித்தா அஞ்சாயிரம் டாலர் மிஞ்சும். விக்காட்டி இன்னும் மூவாயிரம் போகும். அதுக்கு மேல போக இடமில்ல. ரெண்டாயிரமாச்சும் நிக்கும்."

"நிச்சயமாத்தானே சொல்றே?"

"நிச்சயம்ணே."

"அப்ப வையி. கோசோங்குக்கு வந்தா எவனாவது ஓடி வந்து வாங்குவான். தூக்கி விட்ருவான். காலையில நான் காசு போடுறேன்."

நான் டிக் போட்டேன். என் விரல்தான் போட்டது. அந்த நொடியில் விற்றிருந்தால் அவரிடம் ஐயாயிரம் டாலர் இருந்திருக்கும். அதை எழுதாமல் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை.

இரண்டு மணி ஆகிக் கொஞ்ச நிமிடம். விலை ஒரு காசு. பிறகு சுழியம். பிறகு ஒரு சின்னக் கோடும் அதற்குப் பக்கத்தில் எண்ணும் வந்தன. முதலில் திரையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மைனஸ் ஒன்று, மைனஸ் நாலு, மைனஸ் பத்து. எண்ணெயை வாங்கிக்கொள்கிறவனுக்கு விற்கிறவன் காசு கொடுக்கிறான்.

கட் பண்ணப் போனேன். விலை எழுதும் கட்டத்தில் மைனஸ் குறியை அழுத்தினால் விழவில்லை. அந்த விசைக்கு அங்கே அனுமதியே இல்லை. விலை குறிப்பிடாமல், கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லி அனுப்பினேன். 'தவறான விலை' என்று திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் வந்தது. எங்கள் ஆர்டர்களை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிறுவனத்தின் எண்ணுக்கு அடித்தேன். இசை ஓடிக்கொண்டே இருந்தது. உலகத்தில் என்னைப் போல எத்தனை பேர் அந்த நேரத்தில் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்களோ.

அப்போது அண்ணன் கூப்பிட்டார். குரலில் உற்சாகம் இருந்தது.

"தம்பி, நீ சொன்ன மாதிரியே கோசோங்குல வந்து நின்னுருச்சு. அசையவே இல்ல. கில்லாடிதான்லா நீ."

அவர் கைப்பேசியில் இருந்த எங்கள் செயலிக்கும் மைனஸ் தெரியாது. 0.00 என்று காட்டி அப்படியே நின்றுவிட்டிருந்தது. என் முன்னால் மைனஸ் இருபத்தொன்று. பார்த்துக்கிட்டு இருக்கேண்ணே, அப்புறம் கூப்புடுறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலாளரை எழுப்பினேன். அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டரை ஆகிவிட்டது. பெரிய ஒப்பந்தத்துக்கு முடிவு விலை வைத்தார்கள். மைனஸ் முப்பத்தேழு டாலர் அறுபத்து மூன்று காசு. சின்னதுக்கும் அதுவே.

ஆயிரம் பீப்பாய். இருந்த இரண்டாயிரமும் போய், அண்ணன் எங்களுக்கு முப்பத்தைந்தாயிரத்து அறுநூற்று முப்பது டாலர் தர வேண்டியவரானார். நம் ரிங்கிட் கணக்கில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல்.

விடிந்ததும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முதலில் நம்பவில்லை. போனில் கோசோங்தானே காட்டுது என்றார். நான் விளக்க விளக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். லோரி எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. தோட்ட வேலைக்கு அனுமதி இருந்ததால் காலையிலேயே குலை ஏற்றக் கிளம்பியிருந்தார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"நான் கேட்டேன்ல தம்பி. கேட்டேன்ல."

அன்று மத்தியானம் கணினிக்காரர்களுக்கு என்ன போயிற்று என்று பார்க்க 'சிஸ்டம்' பெட்டியைத் திறந்தேன். சில நாள் முந்தைய சுற்றறிக்கை ஒன்று அங்கே இருந்தது. எண்ணெய் ஒப்பந்தங்களின் விலை சுழியத்துக்கோ அதற்குக் கீழேயோ போகலாம், அப்படிப் போனாலும் வியாபாரமும் தீர்வும் வழக்கம்போல நடக்கும், உங்கள் கணினிகளைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று சந்தையே எழுதியிருந்தது. சோதித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, இது கணினிக்காரர்களுக்கு என்று நானே தள்ளியிருந்தேன். முழுதாகப் படிக்கவில்லை. வீட்டார் கடிதத்தையெல்லாம் படித்து அர்த்தம் சொன்னவன் அந்த ஒன்றைப் படிக்கவில்லை. கணினிக்காரர்களும் ஊரடங்கில் அதைத் தொடவில்லை.

தலைமை அலுவலகம் அறிக்கை கேட்டது. நான் எழுதினேன்: வாடிக்கையாளரைத் தொடர்பு கொண்டேன், கட் பற்றித் தெரிவித்தேன், அவர் வைத்திருக்க விரும்பினார், காலையில் பணம் செலுத்துவதாகக் கூறினார். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மேலாளர் அதைப் படித்துவிட்டு என்னை வீடியோ அழைப்பில் தனியாகக் கூப்பிட்டு, விலை எதுவரை போகும் என்று ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். பொதுவாகப் பேசினோம் என்றேன். அவர் என் முகத்தைத் திரையில் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லைசன்ஸ் இல்லாதவன் விலை சொன்னால் வேலை போகும், அது மட்டுமில்லை, இனி இந்தத் தொழிலில் யாரும் சேர்க்க மாட்டார்கள், தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். அந்த மாதம் அம்மாவின் ஃபேக்டரி பாதி ஆளைத்தான் கூப்பிட்டிருந்தது. அம்மா வீட்டிலிருந்தார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் அதுவும் இருந்தது.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு தலைமை அலுவலகம் ஒரு வழி சொன்னது. ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் கடனில் பாதியைக் கழிப்பார்கள், மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம். அண்ணன் பாலத்தைத் தாண்டி வந்தார். அலுவலகத்தில் மேலாளரின் அறை. முகக்கவசத்தோடு மூன்று பேர். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. மலாயில் நலம் விசாரித்துவிட்டு, கடிதத்தை வாடிக்கையாளரின் மொழியில் விளக்கிச் சொல்லி, சாட்சிக் கையெழுத்து நீ போடு என்று என்னிடம் தந்தார்.

நான் வரிவரியாகச் சொன்னேன். எவ்வளவு பாக்கி, எவ்வளவு கழிவு, எத்தனை தவணை. நாலாவது பத்திக்கு வந்தேன். நிறுவனத்தின் ஊழியர் எவரும் விலை பற்றி எனக்கு எந்த உறுதியும் தரவில்லை, என் சொந்த முடிவின்படியே ஒப்பந்தத்தை வைத்திருந்தேன், இது குறித்து இனி எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்.

அதைத் தமிழில் சொல்ல எனக்கு மூன்று முயற்சி ஆனது.

அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "யாரும் சொல்லலேன்னா எழுதியிருக்கு?"

"ஆமாண்ணே."

"யாருமேவா?"

"ஊழியர் எவரும்னு இருக்கு."

மேலாளர் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் புரிந்திருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே என்ன வேண்டுமானாலும் பேசியிருக்கலாம்.

"இதுல கையெழுத்துப் போடலாமா? நீ என்னா சொல்றே?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு விடை தெரியும். போட்டால் பாதி கழியும். போடாமல் புகார் செய்தால், நான் வந்து ஆமாம், சுழியத்துக்குக் கீழே போகாது என்று நான்தான் சொன்னேன், கட் பண்ண வேண்டிய நேரத்தில் பண்ணாமல் விட்டதும் நான்தான், எச்சரிக்கை வந்ததை அவருக்குச் சொல்லாததும் நான்தான் என்று சாட்சி சொன்னால், முழுக் கடனும் போவதற்கு வழி இருந்தது. பேச்சு எங்கும் பதிவாகவில்லை. என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

"போட்டா பாதி கழியும்ணே" என்றேன். "போடலேன்னா கேஸ் நடத்தணும். வருசக்கணக்கா இழுக்கும்."

அவர் காத்திருந்தார். நான் இன்னும் ஒரு வாக்கியம் சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அல்லது நான் சொல்வேனா என்று பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இல்லண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். பேனாவை எடுத்து மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு தாளை என் பக்கம் திருப்பி, சாட்சி என்று இருந்த கோட்டை அவரே விரலால் காட்டினார். "இங்க போடு" என்றார்.

போட்டேன்.

கீழே வாசல்வரை கூட வந்தேன். முதல் தவணையை எங்கே கட்டுவது என்று கேட்டார். சொன்னேன். ஒரு லோரியை விற்றுவிட்டாராம், டிரைவருக்கு வேறு வேலை பார்த்துக்கொடுத்துவிட்டாராம். அதை நியூஸ் சொல்வதுபோலச் சொன்னார். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, ஏதோ நினைவு வந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"உன்ன நான் குத்தம் சொல்லலே. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அன்னிக்கி. இன்னிக்கி உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மேலே போய், கடிதத்தை நகலெடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்து, ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். மேலாளர் எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

அந்த வருடக் கடைசியில் லைசன்ஸ் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே தேறினேன். இப்போது வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இருக்கிறது.